கிரேயான் சீவலில் பாறைச் சுழற்சி: உருகாமலே உருமாறுவதைக் கண்ணால் காட்டுவது எப்படி

கிரேயானை வைத்துப் பாறைச் சுழற்சி சொல்லிக்கொடுப்பது பல வகுப்புகளில் நடக்கிற ஒன்றுதான். சீவுகிறோம், அழுத்துகிறோம், சூடாக்குகிறோம், உருக்குகிறோம், பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு ஒருவரைக் கூப்பிட்டு "உருமாறிய பாறை என்றால் என்ன?" என்று கேட்டால், "பாதி உருகிய பாறை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது தவறு, அந்தத் தவறைச் சொல்லிக்கொடுத்ததே நம் செய்முறைதான், ஏனென்றால் நாம் சீவலைச் சூட்டில் வைத்து, ஓரம் உருகி வழியும்போது எடுத்து "இதுதான் உருமாறிய பாறை" என்று கையில் கொடுத்துவிடுகிறோம். நிஜத்தில் உருமாற்றம் முழுவதும் பாறை திடமாக இருக்கும்போதே நடக்கிறது. உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு, ஆறினால் தீப்பாறை, வேறு கணக்கு.

அதனால் இந்தக் கட்டுரையில் அந்த நடுக்கட்டத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்ற கட்டங்கள் சுலபம், கொஞ்சம் கவனித்தால் தானாக வந்துவிடும்.

என்ன வேண்டும்

சாதாரண மெழுகுக் கிரேயான் போதும், பழைய உடைந்த துண்டுகள் இன்னும் நல்லது. கிரேயான் என்பது பாரஃபின் மெழுகோடு நிறப்பொடி சேர்த்து வார்த்தது, ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் உருகத் தொடங்கும், அதற்குக் கொஞ்சம் கீழேயே இளகிவிடும். நமக்கு வேண்டியது இந்த இளகும் நிலைதான். எண்ணெய்ப் பேஸ்டல் வேண்டாம், அது அறைச் சூட்டிலேயே இழுசிக்கொண்டு போகும். தண்ணீரில் கழுவினால் போகும் என்று போட்டு விற்கிற கிரேயான்களில் சிலவற்றுக்கு அடிப்பொருளே வேறு, அவை சூட்டில் இப்படி நடந்துகொள்ளாது, அதனால் புது டப்பா வாங்கினால் முன்னாளே ஒரு துண்டைச் சூடு தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான்கு நிறம், நிறத்துக்கு அரைக் கிரேயான். ஒரு முழுக் கிரேயான் சுமார் 5 கிராம் இருக்கும், ஆக மொத்தம் 10 கிராம் மெழுகு. நிறங்கள் ஒன்றுக்கொன்று பளிச்சென்று வேறுபட வேண்டும்: நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஊதாவையும் கருநீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பிறகு வெட்டிப் பார்க்கும்போது அடுக்கே தெரியாது. இதோடு கொஞ்சம் கறுப்புக் கிரேயானும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சீவ அல்ல, அதற்கு வேறு வேலை இருக்கிறது.

அப்புறம் அலுமினியத் தாள், உள்ளங்கை அளவுள்ள இரண்டு மரக்கட்டைகள், கிளாம்ப் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது, ஷார்ப்னர், அகலமான கிண்ணங்கள் இரண்டு, கெட்டிலில் வெந்நீர், ஐஸ் தண்ணீர், மெல்லிய கத்தி (ஆசிரியர் கையில் மட்டும்), மேசையில் விரிக்கப் பழைய செய்தித்தாள். வெப்பமானி இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

மெழுகை நேரடி நெருப்பில் எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். மெழுகு ஆவி தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் எரியும் மெழுகு தெறித்து நெருப்பு பெரிதாகும். சூடு முழுவதும் வெந்நீரிலிருந்துதான் வர வேண்டும். கொதிநீரை ஊற்றுவது ஆசிரியர் மட்டும். அலுமினியத் தாளோடு எதையும் மைக்ரோவேவில் வைக்கவும் கூடாது.

சீவுவது, அடுக்குவது

கிரேயானின் காகிதத்தை உரித்துவிட்டு ஷார்ப்னரில் சீவச் சொல்லுங்கள். இதுதான் சிதைவு: பெரிய பாறை வெயிலிலும் மழையிலும் பனியிலும் வேர்களிலும் சிக்கித் துண்டாகிறது. எல்லோரும் ஷார்ப்னரையே பிடிக்க வேண்டியதில்லை, ஒருவர் ஸ்கேலின் விளிம்பால் சுரண்டட்டும், தூள் மாதிரி வரும். இந்த அளவு வித்தியாசத்தைப் பார்க்க வைப்பது நல்லது, ஏனென்றால் மணலும் வண்டலும் களிமண்ணும் பெயரில் பிரிவதே துகளின் அளவை வைத்துத்தான். ஒரு முக்கியமான சங்கதி: சீவலைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தால் உடல் சூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் நேராகக் காகிதத்தில் விழ விடுங்கள், அந்தந்த நிறம் தனித்தனிக் குவியலாக. காகிதத்தைச் சாய்த்து அலுமினியத் தாளில் கொட்டுகிறோமே, அந்த நகர்த்தல்தான் ஆறும் காற்றும் செய்கிற வேலை.

அலுமினியத் தாளை 20 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவில் 4 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் ஒவ்வொரு நிறமாக அடுக்குங்கள். அடியில் நீலம், மேலே மஞ்சள், அதற்கு மேலே வெள்ளை, கடைசியாகச் சிவப்பு. ஒவ்வொரு அடுக்கும் ஓரம் வரை பரவியிருக்கட்டும், நடுவில் கும்பமாகக் குவிந்தால் அழுத்தும்போது பக்கவாட்டில் பிதுங்கிவிடும். வெள்ளை அடுக்கைப் போடும்போது அதற்குள் கறுப்புக் கிரேயானிலிருந்து 3 மில்லிமீட்டர் அளவில் நறுக்கிய ஐந்தாறு துண்டுகளை அங்கங்கே பதித்துவிடுங்கள். இவை கூழாங்கற்கள். முடிந்தவரை உருண்டையாகவோ கனசதுரமாகவோ இருக்க வேண்டும், நீளத் துண்டாக இருக்கக் கூடாது. ஏன் என்று அடுத்த கட்டத்தில் தெரியும்.

தாளை நான்கு பக்கமும் இரண்டு மடிப்பாக மடித்து மூடுங்கள். மடிப்பு மேல்பக்கம் இருக்கட்டும், பிறகு தண்ணீரில் வைக்கும்போது உள்ளே நீர் புகாமல் இருக்க இது தேவை.

குளிர்ந்த நிலையில் அழுத்துவது

பொட்டலத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துக் கிளாம்பில் இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையென்றால் தரையில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவர் மேலே ஏறி நிற்கட்டும். புத்தக அடுக்கின் எடை இதற்குப் பற்றாது. ஒரு நிமிடம் போதும்.

பிரித்துப் பார்த்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பஞ்சுபோல் இருந்தது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டியாகியிருக்கும். இதுதான் படிவுப் பாறை. இதை ஆசிரியர் ஒரே வீச்சில் குறுக்கே வெட்டி இரண்டாக்கித் தர வேண்டும், அறுத்தால் உதிரும். வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: நான்கு நிற அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் தனித்தனிச் சீவல்கள் சுருண்டபடியே, அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவு இடைவெளிகள், கறுப்புத் துண்டுகள் போட்ட வடிவத்திலேயே. விரலால் ஓரத்தைத் தேய்த்தால் சீவல் உதிரும், லேசாக இறுகிய மணற்பாறையைத் தேய்த்தால் மணல் உதிர்வது போலவே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிஜப் படிவுப் பாறை அழுத்தத்தால் மட்டும் உருவாவதில்லை. துகள்களுக்கு இடையே ஊறும் நீர் கால்சைட், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு போன்றவற்றைப் படியவிட்டு ஒட்டுகிறது. நம் கட்டியில் அந்தப் பசை வேலையை மெழுகின் ஒட்டும் தன்மையே செய்துவிடுகிறது. பிள்ளைகள் "அழுத்தினாலே பாறையாகிவிடும்" என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, கொஞ்சம் காய்ந்த மணலை அதே மாதிரி பொட்டலம் கட்டிக் கிளாம்பில் இறுக்கிக் காட்டுங்கள். பிரித்தால் மணலாகவே கொட்டும். இதற்குப் பிறகு விளக்கமே வேண்டாம்.

பாதிக் கட்டியை "படிவு" என்று எழுதி எடுத்து வைத்துவிடுங்கள். மறு பாதிதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இப்படிப் பாதியை ஒதுக்கி வைப்பது அவசியம், எல்லாவற்றையும் உருக்கிவிட்டால் கடைசியில் ஒப்பிட எதுவும் இருக்காது. ஒரு வகுப்பு நேரம் இதோடு முடியும், மீதியை மறுநாள் வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை.

சூடும் அழுத்தமும், ஆனால் உருகக் கூடாது

தண்ணீர் 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு சாதாத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் 60 டிகிரியைத் தாண்டிவிடும், கட்டி உருகிவிடும், அதாவது இந்தக் கட்டமே கைநழுவிப் போய்விடும்.

பாதிக் கட்டியைப் புது அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, மடிப்பு மேலே இருக்கும்படி தண்ணீரில் வையுங்கள். மெழுகு தண்ணீரைவிட லேசானது, மிதக்கப் பார்க்கும், ஒரு கரண்டியால் அமுக்கிப் பிடியுங்கள். மெழுகுக்குள் சூடு மெதுவாகத்தான் போகும், வெளிப்பக்கம் இளகி உள்பக்கம் அப்படியே இருந்தால் அழுத்தும்போது விரிசல் விடும், அதனால் மூன்று நான்கு நிமிடமாவது ஊறட்டும். போதுமா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வெளியே எடுத்துத் தாளோடு சேர்த்து விரலால் அமுக்குங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் சரியான பதம். பள்ளமே விழவில்லையென்றால் இன்னும் சூடு வேண்டும், கிண்ணத்தில் ஒரு சிறு கோப்பை கொதிநீர் சேருங்கள். உள்ளே ஏதோ கொழகொழவென்று நகர்ந்தால் அல்லது மடிப்பில் நிறத்தோடு ஈரப் பளபளப்பு தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டது. தூக்கிப் போட வேண்டாம், அதை உருக்கும் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதம் சரியாக இருந்தால் உடனே கட்டைகளுக்கு நடுவே வைத்து, முன்பைவிடப் பலமாக இறுக்கி, இறுக்கியபடியே ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். பாதியில் கிளாம்பைத் தளர்த்தக் கூடாது.

இப்போது வெட்டிப் பாருங்கள், பக்கத்தில் படிவுப் பாதியையும் வைத்துக்கொண்டு. அடுக்குகள் இருக்கின்றன, நிறங்கள் கலக்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் மெலிந்து அகலத்தில் பரவியிருக்கிறது. இடைவெளிகளைக் காணோம். சீவல்களின் சுருள் போய், மெல்லிய கீற்றுகளாகக் கட்டைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. தேய்த்தால் உதிராது. எல்லாவற்றையும்விட வெள்ளை அடுக்கில் இருந்த அந்தக் கறுப்புத் துண்டுகளைப் பாருங்கள்: உருண்டையாகப் போட்டவை தட்டையாகி, இரண்டு முனையும் கூராகியிருக்கும். உருகியிருந்தால் அவை கரைந்து பரவியிருக்கும். கரையாமல், ஆனால் வடிவம் மாறி நிற்கின்றன என்பதுதான் திடநிலையில் உருமாறியது என்பதற்கு மாணவர் கையிலேயே இருக்கும் அத்தாட்சி. இயற்கையிலும் இப்படி நசுங்கி நீண்ட கூழாங்கற்களோடு உருமாறிய பாறைகள் இருக்கின்றன, புவியியலாளர்கள் அந்தக் கற்களின் வடிவத்தை அளந்து பாறை எந்தத் திசையில் எவ்வளவு நசுங்கியது என்று கணக்குப் போடுகிறார்கள்.

இதோடு நிறுத்தாமல், ஒரு குழுவை மட்டும் வேறு மாதிரி செய்யச் சொல்லுங்கள். இளகிய கட்டியைப் படுக்க வைக்காமல், அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி நிமிர்த்தி வைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். வேகமாக இறுக்கினால் சாய்ந்துவிடும். ஆறியதும் வெட்டினால் அடுக்குகள் நெளிந்து மடிந்திருக்கும், ஆனால் நசுங்கிய துண்டுகளும் கீற்றுகளும் அடுக்கின் போக்கைப் பார்க்காமல், அழுத்திய திசைக்குக் குறுக்காகப் படுக்கப் பார்க்கும். முதல் குழுவின் கட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். உருமாறிய பாறையில் தெரியும் வரிகள் எல்லாம் பழைய படிவு அடுக்குகள்தான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. சிலேட்டுக்கல் தகடு தகடாகப் பிளப்பது பெரும்பாலும் அழுத்தம் வந்த திசையைப் பொறுத்தது, பழைய அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டுகூடப் பிளக்கும். நைஸ் பாறையின் வெளிர், கருப்புப் பட்டைகளும் அநேகமாகக் கனிமங்கள் பிரிந்து ஒதுங்கியதால் வந்தவை.

மெழுகு காட்டாத ஒன்றும் இங்கே உண்டு. நிஜப் பாறையில் வடிவம் மாறுவதோடு முடியாது, சூட்டில் கனிமங்களே மறுபடி படிகமாகின்றன, புதுக் கனிமங்கள் பிறக்கின்றன. சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாவது அப்படித்தான். கிரேயானில் நீலம் கடைசிவரை நீலம்தான். இதை வாயால்தான் சொல்ல வேண்டும், கையில் ஒரு சலவைக்கல் துண்டு இருந்தால் அதன் உடைந்த முகத்தில் மின்னும் படிகங்களைக் காட்டியபடி சொல்லுங்கள். சூட்டின் அளவையும் சொல்லிவிடுங்கள், நம் 45 டிகிரிக்குப் பதில் அங்கே 200 டிகிரியில் தொடங்கி எழுநூறு எண்ணூறு வரை போகும்.

உருக்குவது

இந்தக் கட்டியிலும் பாதியை "உருமாறியது" என்று எழுதி ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து ஒன்றாகப் போடுங்கள், தனித்தனியாக உருக்கினால் கைக்கு வருவது ரொம்பக் கொஞ்சம். அலுமினியத் தாளை இரண்டாக மடித்துப் படகு போலச் செய்து, அதில் துண்டுகளை வைத்து, அப்போதுதான் கொதித்த நீர் உள்ள கிண்ணத்தில் மிதக்க விடுங்கள். மூடியில்லாமல் மிதப்பதால் எல்லோரும் பார்க்கலாம். முதலில் விளிம்பு பளபளக்கும், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சரியும், அப்புறம் எல்லாம் ஒரே குட்டையாகிவிடும். ஒரு குச்சியால் கலக்கினால் பழுப்பு நிறம்.

அந்தப் பழுப்பைப் பார்த்துப் பிள்ளைகள் "ச்சே, அழகு போச்சு" என்பார்கள், நல்லது. அடுக்கும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை, எது மேலே எது கீழே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உருமாறிய கட்டியில் அத்தனை நசுக்கலுக்குப் பிறகும் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததே, அதை மறுபடி கையில் கொடுத்து இதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உருமாறியதற்கும் உருகியதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உருகியதை இரண்டு தாள்படகுகளில் பிரித்து ஊற்றி, ஒன்றை ஐஸ் தண்ணீரில், இன்னொன்றை மேசையில் துணி போர்த்தி ஆற விடுவது வழக்கம். வேகமாக ஆறினால் சிறு படிகம், மெதுவாக ஆறினால் பெரிய படிகம், அதனால்தான் பூமிக்குள் மெதுவாக ஆறிய கிரானைட்டில் படிகங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, மேலே வந்து சட்டென்று ஆறிய பசால்ட்டில் தெரிவதில்லை. ஆனால் மெழுகில் இதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. மேற்பரப்பின் பளபளப்பிலும் சுருக்கத்திலும் வித்தியாசம் வரலாம், அதைப் படிகம் என்று சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்ல ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹால் 1798-இல் வெளியிட்ட சோதனையே போதும். அவர் பசால்ட் வகைப் பாறையை உலையில் உருக்கி வேகமாக ஆற வைத்தார், கண்ணாடி மாதிரி வந்தது. அதே பொருளை மறுபடி உருக்கி மெதுவாக ஆற வைத்தார், படிகங்களோடு கல்லாகவே வந்தது. பொருள் ஒன்று, ஆறிய வேகம் மட்டும் வேறு. கதையாகச் சொன்னாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் மெழுகு கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டால் மெழுகு மேலே படலமாக உறையும், எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றலாம்.

வட்டமாக வரையாமல் இருக்க

இப்போது மேசையில் மூன்று மாதிரிகள், கொஞ்சம் மிச்சச் சீவல். பாறைச் சுழற்சி என்றதும் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு படிவு, உருமாறியது, தீப்பாறை, மறுபடி படிவு என்று அம்புக்குறி இடுவதுதான் வழக்கம், நம் செய்முறையும் அதே வரிசையில் போனதால் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிடும். அதனால் கடைசிப் பத்து நிமிடத்தில் வரிசையை உடையுங்கள். உருமாறிய துண்டை எடுத்து ஸ்கேலால் சுரண்டச் சொல்லுங்கள், சீவல் வருகிறது, ஆக உருகாமலே அது மறுபடி படிவுக்குப் போகலாம். பழுப்புத் தீப்பாறையை 45 டிகிரித் தண்ணீரில் ஊறவைத்து அழுத்தச் சொல்லுங்கள், அது நசுங்கும், ஆக தீப்பாறையும் நேராக உருமாறலாம். கிரானைட் அப்படி நைஸ் ஆவது உண்டு. அந்தப் பழுப்புக் கட்டியை இன்னொரு முறை வெந்நீரில் உருக்கினால் மறுபடி தீப்பாறை.

ஒவ்வொன்றையும் செய்துபார்த்த பிறகு அந்த அம்புக்குறியை மட்டும் வரையச் சொன்னால், ஒவ்வொரு பாறையிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் கோடு போகும், தன்னிடமே திரும்பி வரும் கோடும் ஒன்றிரண்டு இருக்கும். ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்தார்கள் என்பதை, சுரண்டினோம், இறுக்கினோம், ஊறவைத்தோம், உருக்கினோம் என்று எழுதட்டும், பக்கத்திலேயே அதை இயற்கையில் எது செய்கிறது என்றும் எழுதட்டும். படிவிலிருந்து உருமாறியதற்குப் போகும் கோட்டின் மேல் "உருக்கினோம்" என்று யாராவது எழுதியிருந்தால், நசுங்கிய கறுப்புத் துண்டு தெரியும் அந்த வெட்டுமுகத்தை அவர் கையில் கொடுத்து, இது உருகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள்.